பிளாஸ்டிக் அடியில் இருக்கும் எண்: எப்படிப் படிப்பது, எண் இருந்தும் காயலான் கடையில் ஏன் திருப்பிக் கொடுக்கிறார்கள்

வீட்டிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ பிளாஸ்டிக்கைப் பிரிக்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஏழு பை வாங்கி, 1 முதல் 7 வரை எண் எழுதி, பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனால், கடைக்காரர் இரண்டு மூட்டையை எடை போட்டுவிட்டு, "மத்ததெல்லாம் ஓடாதுங்க" என்று சொல்லிவிடுவார். எடுத்துக்கொண்ட மூட்டையில்கூடப் பாதியைப் பொறுக்கி வெளியே போடுவார். அது ஏன், அதைத் தவிர்க்க எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் கீழே இருப்பது. தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கும் கடைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

## 1. பிரிப்பதற்கு முன்பே கடைக்குப் போங்கள்

இதைத்தான் எல்லாரும் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்யுங்கள்.

உங்கள் பக்கத்துக் கடைக்காரர் எதை எடுப்பார் என்பதை முடிவு செய்வது அவர் இல்லை, அவரிடம் வாங்கும் மொத்த வியாபாரி. அந்த வியாபாரிக்குப் பின்னால் பிளாஸ்டிக்கை அரைத்து, கழுவி, உருக்கி மணியாக்கும் ஆலை இருக்கிறது. எட்டும் தூரத்தில் பிபி என்ற வகைப் பிளாஸ்டிக்கை அரைக்கும் ஆலை இருந்தால் உங்கள் ஊரில் பிபி டப்பா ஓடும். இல்லையென்றால் அதே டப்பா, அதே எண், குப்பை. அதனால் பக்கத்து மாவட்டத்து நண்பர் சொன்ன பட்டியலை நம்பி மூட்டை கட்டாதீர்கள்.

போகும்போது சும்மா கேட்கப் போகாமல், வீட்டில் சேரும் சாமான்களில் வகைக்கு ஒன்றாக ஒரு பையில் எடுத்துப் போங்கள். "நம்பர் 5 எடுப்பீங்களா" என்று கேட்டால் பல கடைகளில் பதில் வராது, அவர்கள் எண்ணை வைத்துப் பிரிப்பதே இல்லை. தண்ணி பாட்டில், பால் கவர், எண்ணெய் கேன், உடைந்த நாற்காலி, பக்கெட் என்று பொருளை வைத்துத்தான் பேச்சு. பொருளைக் காட்டினால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும். எத்தனை குவியலாகப் பிரித்துக் கொடுத்தால் அவருக்குச் சரி என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் மூன்று அல்லது நான்குதான் வரும், ஏழு வராது.

வேண்டிய கருவிகள் அதிகம் இல்லை: ஒரு வாளித் தண்ணீர், கத்தரிக்கோல், செல்போன் டார்ச், கொஞ்சம் கல்லுப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு, உலர்ந்த சாக்குகள்.

## 2. எண்ணைத் தேடுவது, சரியான எண்ணைப் படிப்பது

பாட்டில், டப்பா என்றால் அடிப்பாகத்தில் இருக்கும். மூடியில் உள்பக்கம். கவரில் பின்புறம், உற்பத்தியாளர் முகவரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில். நிறமில்லாத டப்பாவில் கண்ணுக்குத் தெரியாது, டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மேடு தெரியும்.

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. அடியில் இருக்கும் எல்லா எண்ணும் பிளாஸ்டிக் எண் இல்லை. தனியாக நிற்கும் 3, 8, 12 போன்றவை பெரும்பாலும் எந்த அச்சில் வார்த்தது என்று ஆலைக்காரர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொள்ளும் எண். முக்கோணத்துக்குள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே பெயரின் சுருக்கமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது தவறு, ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று நினைப்பது. எண் எந்தத் துண்டில் பதிந்திருக்கிறதோ அந்தத் துண்டுக்கு மட்டும்தான் பேசும். தண்ணி பாட்டிலின் அடியில் 1 இருந்தால் பாட்டில் மட்டும் 1. மூடி 2 அல்லது 5, சுற்றியிருக்கும் லேபிள் வேறு ஏதோ ஒன்று.

மூன்றாவதுதான் பெரியது. ஒன்றை ஒன்று துரத்தும் மூன்று அம்புகளைப் பார்த்தவுடன் 'இது மறுசுழற்சிக்குப் போகும்' என்று எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில் சங்கம் 1988-ல் இந்தக் குறியைக் கொண்டுவந்தது, பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்று பிரிக்கிறவர்களுக்குச் சொல்வதற்காக. மறுசுழற்சி ஆகும் என்ற வாக்குறுதி அதில் எங்கேயும் இல்லை. இந்தக் குழப்பம் தொடர்ந்ததால் 2013-ல் இந்தக் குறிக்கான தரநிலையிலேயே அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். ஆனால் பழைய அச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அம்புகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

## 3. எண்கள் என்ன சொல்கின்றன

1 என்றால் பெட். தண்ணி, குளிர்பான பாட்டில்கள். கடைகளில் நன்றாக ஓடும், ஆனால் பாட்டில் வடிவத்தில் இருந்தால்தான். இதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகப் பேசுவோம்.

2 என்றால் எச்டிபிஇ: ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், டிடர்ஜென்ட் கேன். 4 என்றால் எல்டிபிஇ, மெல்லிய கவர்கள், பால் கவர். 5 என்றால் பிபி, அதாவது பாலிபுரொப்பிலீன்: பார்சல் டப்பா, தயிர் கப், நாற்காலி, பல பாட்டில்களின் மூடி. இந்த மூன்றும் எண்ணெய், மெழுகு வம்சம். தண்ணீரில் மிதக்கும். பெரும்பாலான ஊர்களில் ஏதோ ஒரு விலைக்கு ஏதோ ஒரு வடிவத்தில் ஓடும்.

3 என்றால் பிவிசி. பைப், ரெக்சின், சில மாத்திரை அட்டைகள். பைப்பைப் பைப்பாக வாங்குகிறவர்கள் உண்டு. மற்ற பிவிசி எதுவும் மற்ற குவியலுக்குள் போகவே கூடாது.

6 என்றால் பாலிஸ்டைரீன். நொறுங்கும் தன்மையுள்ள பளபள கப்பும் அதுதான், தெர்மாகோலும் அதுதான்.

7 என்றால் 'மற்றவை'. உண்மையில் இது ஒரு வகையே இல்லை. குறுவட்டு செய்யும் பாலிகார்பனேட், நைலான், சோளமாவிலிருந்து வரும் பிஎல்ஏ, உள்ளே அலுமினியம் பூசிய சிப்ஸ் பாக்கெட் எல்லாம் இதற்குள் கிடக்கின்றன. 7 என்று எழுதிய பையில் நிரப்பி வைத்தால், ஒன்றோடு ஒன்று சேராத பத்துச் சாமான் ஒரே மூட்டையில் இருக்கிறது என்று பொருள். யார் வாங்குவார்கள்?

## 4. ஒரே எண், வேறு வேறு தலைவிதி

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். எண் பார்த்துப் பிரித்தும் மூட்டை திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

எச்டிபிஇ-யை எடுத்துக்கொள்வோம். ஷாம்பு பாட்டிலை ஊதித்தான் செய்கிறார்கள்: உருகிய பிளாஸ்டிக்கைக் குழாய் மாதிரி தொங்கவிட்டு, அச்சை மூடி, உள்ளே காற்றடிப்பது. தொங்கும்போது அது வழிந்து விழக்கூடாது, அதனால் கெட்டியாக, மெதுவாக ஓடும் ரகம் வேண்டும். மூடியையோ பக்கெட்டையோ செய்யும்போது உருகியதை ஊசி போட்டது போல மூடிய அச்சுக்குள் வேகமாகத் தள்ளுகிறார்கள். அதற்குத் தண்ணியாக ஓடும் ரகம் வேண்டும். இதை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட எடையை வைத்து அழுத்தினால், சிறு துளை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். பாட்டில் ரகம் 1 கிராமுக்கும் குறைவாக வரும். வார்ப்பு ரகம் 5, 10, 20 கிராம் என்று வரும். இரண்டிலும் பதிந்திருப்பது அதே 2. கலந்து உருக்கினால் வருவது பாட்டிலும் ஊத முடியாத, பக்கெட்டும் சரியாக வார்க்க முடியாத இடைப்பட்ட சரக்கு. அதனால்தான் அனுபவமுள்ள கடைக்காரர் எண்ணைப் பார்ப்பதில்லை, பாட்டிலா டப்பாவா என்று பார்க்கிறார்.

பெட் கதை இன்னும் கடுமை. பழம், கேக் வைத்து விற்கும் கண்ணாடி போன்ற மூடிப்பெட்டியின் அடியிலும் 1 இருக்கும். ஆனால் அது தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் இழுத்துச் செய்தது. அரைக்கும்போது பாட்டில் சீரான சில்லுகளாக வரும், இந்தப் பெட்டி பொடிப்பொடியாக நொறுங்கிக் கழுவும் தண்ணீரோடு போய்விடும். மேலே ஒட்டிய காகித லேபிளின் பசையும் லேசில் போகாது. போதாக்குறைக்கு, அதே மாதிரிக் கண்ணாடிப் பெட்டிகள் பாலிஸ்டைரீனிலும் பிஎல்ஏ-யிலும் பிவிசி-யிலும் வருகின்றன. கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒழியப் பிரிக்க முடியாது, அவ்வளவு நேரம் செலவழிக்கும் அளவுக்கு அதற்கு விலை இல்லை.

பிவிசி கலந்தால் என்ன என்று கேட்கலாம். பெட் உருக 250 டிகிரி செல்சியசுக்குப் பக்கத்தில் வேண்டும். பிவிசி அதற்கு வெகு முன்பே சிதைந்து, ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை விட்டுக் கருகிவிடும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட சங்கிலிகளை வெட்டும், இயந்திரத்தையும் அரிக்கும். பெட் வாங்கும் ஆலைகள் பிவிசி-யைப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் பொறுத்துக்கொள்கின்றன, அதாவது ஒரு டன்னுக்கு 100 கிராம். உங்கள் மூட்டையில் இரண்டு மூன்று துண்டு இருந்தாலே தாண்டிவிடும்.

அப்புறம் நிறம். நிறமில்லாததை எந்த நிறமாகவும் ஆக்கலாம். பச்சையைப் பச்சையாகவோ கருமையாகவோதான் ஆக்க முடியும். கறுப்பு கறுப்பாகவேதான் போகும். அதனால் ஒரே எண், ஒரே வடிவம் என்றாலும் கறுப்புப் பார்சல் டப்பாவுக்குக் கிடைக்கும் விலை வேறு. பெரிய நாடுகளில் ஒளியை வைத்து இயந்திரமே பிரிக்கும் ஆலைகளில் நிலைமை இன்னும் மோசம், கறுப்புக்குப் போடும் கார்பன் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் டப்பா இருப்பதே இயந்திரத்துக்குத் தெரியாது.

## 5. எடையில் தோற்பவை

சில பொருட்களுக்கு வகையும் தெளிவு, உருக்கவும் முடியும், ஆனாலும் யாரும் தொடமாட்டார்கள். தெர்மாகோல் அதில் முதலாவது. டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோலில் பெரும்பகுதி காற்று. ஒரு கன மீட்டர் அளவுக்குச் சேர்த்தாலும் சுமார் 20 கிலோதான் வரும். ஒரு தட்டு ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு போனால் டீசல் காசுக்கே கட்டாது. அந்த இடத்திலேயே அழுத்திக் கட்டியாக்கும் இயந்திரம் இருந்தால் கணக்கு மாறும், நம் தெருக்கடையில் அது இருக்காது.

சிப்ஸ் பாக்கெட் மறுபக்கத்திலிருந்து தோற்கிறது. அதில் இரண்டு மூன்று படலங்கள், நடுவில் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, எல்லாம் பசையால் ஒட்டியவை. பிரித்தெடுக்கத் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை, ஆனால் பிரிக்கும் செலவு கிடைக்கும் சரக்கின் விலையைவிடக் கூடுதல்.

## 6. எண்ணே இல்லையென்றால் தண்ணீர்ச் சோதனை

எண் இல்லாத சாமான்தான் உண்மையில் நிறைய வரும். தீயில் காட்டி வாசனை பிடிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், பிவிசி புகை நேரே தொண்டைக்குப் போகும். தண்ணீர் போதும்.

இரண்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வாளிக்குள் கையால் அமுக்கி, கீழே கொண்டுபோய் விடுங்கள். மேலே போட்டுவிட்டுப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் ஒட்டிய காற்றுக்குமிழும் தண்ணீரின் மேற்பரப்பும் மூழ்க வேண்டியதையும் தாங்கிப் பிடித்துவிடும். புதியவர்களுக்கு இந்தச் சோதனை தப்பாக வருவதற்கு இதுதான் காரணம்.

மேலே வந்தால் 2, 4, 5-ல் ஒன்று. இவற்றுக்குள் வேறுபாடு காணத் தண்ணீர் உதவாது. நகத்தால் கீறுங்கள், மெழுகு மாதிரிச் சுவடு விழுந்தால் பெரும்பாலும் 2 அல்லது 4, விறைப்பாக இருந்து நகம் வழுக்கினால் பெரும்பாலும் 5. மடித்து மடித்துத் திறந்தாலும் முறியாத கீல் உள்ள மூடி கிட்டத்தட்ட எப்போதுமே 5.

மூழ்கினால் 1, 3, 6 அல்லது 7-ல் சில. இப்போது ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் உப்பைக் கரைத்து அதே துண்டை விடுங்கள். மிதந்தால் பாலிஸ்டைரீன் பக்கம், மூழ்கினால் பெட் அல்லது பிவிசி பக்கம். அந்த இரண்டின் அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்று, எவ்வளவு உப்புப் போட்டாலும் பிரியாது. பாட்டிலாக இருந்தால் அடியைப் பாருங்கள்: நடுவில் பொட்டு மாதிரி ஒரு புள்ளி இருந்தால் பெட், அடியில் குறுக்கே ஒட்டுப்போட்ட கோடு ஓடினால் பிவிசி-யாக இருக்கலாம், ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விலை குறைந்த நாற்காலிகளிலும் தட்டுகளிலும் சுண்ணாம்புப் பொடி கலப்பார்கள். பிபி-யாக இருந்தும் அது மூழ்கும். நுரைச் சாமான் எதுவாக இருந்தாலும் மிதக்கும். இந்த இரண்டுக்கும் சோதனை செல்லாது.

## 7. கழுவுவது, காய வைப்பது, மூடி

சாப்பாட்டு டப்பாவைச் சாப்பிட்டவுடன் அலசுங்கள். குழம்பு காய்ந்துவிட்டால் செலவாகும் தண்ணீர் பல மடங்கு, மஞ்சள் கறை போகவும் போகாது. பளபளவென்று தேவையில்லை, கை வைத்தால் எண்ணெய் ஒட்டக்கூடாது, அவ்வளவுதான். ரப்பர் பேண்டு போட்ட சாம்பார்க் கவரைக் கழுவிக் காயவைக்க நினைத்தால் உங்கள் இஷ்டம், என் கணக்கில் அது நேரே குப்பைதான்.

பால் கவரை மூலையில் துணுக்கு தனியாகப் போகாதபடி வெட்டி, அலசி, கொடியில் போடுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் இரண்டு நாளில் நாறும், கடைக்காரர் எடையில் கழிப்பார் அல்லது மூட்டையையே தள்ளிவிடுவார்.

பாட்டிலை இறுக்கிப் போர்த்திய முழுநீள லேபிளைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள், சிலவற்றில் அது பிவிசி. சாதாரண மெல்லிய லேபிளும் மூடியும் பாட்டிலோடு இருந்தாலும் ஆலைக்குப் பெரிய தொல்லை இல்லை, அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் விடும்போது பெட் மூழ்கும், அவை மிதக்கும். மூடியைத் தனியாகக் கழற்றித்தான் தரவேண்டுமா என்பதைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## 8. ஒரு வீட்டு மூட்டை, ஒவ்வொன்றாக

ஒரு வாரத்தில் ஒரு வீட்டில் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 1-ம் பகுதியில் சொன்னபடி கடையில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அவர் எடுப்பது: தண்ணி பாட்டில், பால் கவர், கெட்டி பிளாஸ்டிக்.

தண்ணி பாட்டில், எண் 1, நிறமில்லாதது: நசுக்கி பாட்டில் சாக்கில். திராட்சை வந்த பெட்டி, அதுவும் 1: போகாது. எண்ணைப் பார்த்துப் பாட்டில் சாக்கில் போட்டால் கடைக்காரர் மொத்தச் சாக்கையும் கொட்டிப் பார்ப்பார், உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். ஷாம்பு பாட்டில், எண் 2: கவிழ்த்து வைத்து வடித்து, அலசி, கெட்டி பிளாஸ்டிக்கில். அதன் மேலிருக்கும் அழுத்தும் பம்ப்பில் உலோகச் சுருள் இருக்கிறது, கழற்றி எறியுங்கள். பால் கவரில் எண் தேடி நேரம் வீணாக்க வேண்டாம், கடையில் அதற்குத் தனி விலை.

கறுப்புப் பார்சல் டப்பா, எண் 5: கழுவியிருந்தால் கெட்டி பிளாஸ்டிக்கில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மெல்லியது என்று மறுப்பார்கள். எண்ணில்லாத உடைந்த தண்ணீர் மக்: துண்டு வெட்டிப் பார்த்ததில் மிதக்கிறது, நகம் வழுக்குகிறது, கெட்டியில் போடலாம். ஐஸ்கிரீம் கடைக் கண்ணாடிக் கப், எண் 6: சாதாத் தண்ணீரில் மூழ்கி உப்புத் தண்ணீரில் மிதக்கும், வாங்க ஆள் இல்லை. சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகள், 7: இல்லை. கிழிந்த ரெக்சின் பை: பிவிசி, தனியாக வையுங்கள்.

ஒன்பது வகையில் கடைக்குப் போவது நான்கு, ஒன்று இழுபறி. எண் இருந்த ஆறில் உறுதியாகப் போனது இரண்டே இரண்டு.

## 9. மீந்ததை எங்கே விடுவது

மீந்ததை உலர் குப்பையாக மாநகராட்சி அல்லது நகராட்சி வண்டியில் போடுங்கள், ஈரக் குப்பையோடு கலக்காமல். சுத்தமாகப் பிரிந்து வந்த பல அடுக்குப் பாக்கெட்டுகள் சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்கு எரிபொருளாகப் போக வழி இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய தார்ச்சாலை முறையிலும் கவர்களுக்கும் தெர்மாகோலுக்கும் இடம் உண்டு. சுமார் 160 முதல் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிப் படிந்துகொள்ளும், பிறகு தார் சேர்ப்பார்கள். பெட் அந்தச் சூட்டில் உருகாது.

பிவிசி-க்கு இந்த இரண்டு வழியும் இல்லை. சூளைக்காரர்கள் குளோரினைக் கண்டு ஓடுவார்கள், ஜல்லியின் மேல் தூவினாலும் அமில வாயு வரும். பைப் துண்டுகளை மட்டும் பிளம்பரிடமோ பைப் வாங்கும் கடையிலோ கேளுங்கள், ரெக்சினையும் மாத்திரை அட்டையையும் பாக்கெட்டுகளோடு கலக்காமல் தனிப் பையில் கட்டி வண்டியில் கொடுங்கள்.